பச்சைக் கோப்பிக்கொட்டை புதுசா, பழசா: யாழ்ப்பாணத்தில் பார்த்து வாங்குவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் அரிசி வாங்கப் போகிறவர்களில் பலர் "பழைய அரிசி இருக்கா?" என்று கேட்டுத்தான் வாங்குவார்கள். புது அரிசி குழைந்துபோகும், பழசு பொலுபொலுவென்று வரும். அதே நினைப்போடுதான் கோப்பிக்கொட்டைக்கும் போகிறோம். கடைக்காரரும் "நல்லாய்க் காய்ஞ்ச பழைய கொட்டை" என்று பெருமையாகவே சாக்கைத் திறந்து காட்டுவார். கோப்பிக்கு அந்தக் கணக்கு சரிவராது. பச்சைக் கொட்டை காயவேண்டியது ஆய்ந்த முதல் சில வாரங்களில் மட்டும்தான். அதற்குப் பிறகு சாக்கில் கிடக்கும் ஒவ்வொரு மாதமும் அதற்கு நட்டம்.

பச்சைக் கொட்டை வாங்கி வீட்டில் தாச்சியில் வறுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மலைநாட்டுக் கொட்டை, அதிலும் கண்டி, மாத்தளை, நுவரெலியாப் பக்கத்து அராபிக்காவை வைத்தே சொல்கிறேன். நம்முடைய கடைகளுக்கு வரும் நல்ல கொட்டை பெரும்பாலும் அதுதான்.

ஆய்ந்த மாதத்தில் இருந்து எண்ணுங்கள்

மலைநாட்டில் கோப்பிப் பழம் வருடக் கடைசியில் பழுக்கத் தொடங்கி அடுத்த வருட முதல் மாதங்கள் வரை ஆயப்படுகிறது. இடத்துக்கு இடம், மழைக்கு மழை கொஞ்சம் முன்பின்னாகும். தென்னிந்தியாவிலும் கிட்டத்தட்ட இதே காலம்தான்: அங்கே அராபிக்கா கார்த்திகை, மார்கழியில் தொடங்கும், ரோபஸ்டா அதற்குப் பின்னால் மாசி, பங்குனி வரை போகும். ஒரே விளைச்சல் இரண்டு வருடங்களில் கால் வைப்பதால்தான் பையில் 2023/24 என்று இரட்டை வருடம் போடுகிறார்கள். பிரேசிலில் வைகாசி முதல் புரட்டாதி வரை ஆய்வதால் ஒரு விளைச்சல் ஒரே வருடத்துக்குள் முடிந்துவிடும். ஆகவே 2024 என்று மட்டும் எழுதிய மலைநாட்டுக் கொட்டையைக் கண்டால் ஒரு கேள்வி கேட்கவேண்டும்: அது 2024 தையில் ஆய்ந்ததா, 2024 மார்கழியில் ஆய்ந்ததா? இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ ஒரு வருடம் இருக்கிறது.

ஆய்ந்த அடுத்த நாளே கொட்டை குடிக்கத் தயாராகிவிடாது என்பதையும் சொல்லவேண்டும். காயவைத்து முடிந்ததும் அதை ஒன்றிரண்டு மாதம் கொட்டையை மூடிய உள் ஓட்டோடு ஆறவிடுவார்கள். அந்த ஆறுதல் இல்லாமல் வறுத்தால் கோப்பியில் பச்சைப் பயற்று மணமும் புல் வாசமும் வரும், நாக்கின் ஓரம் லேசாகக் கயர்க்கும். அதனால் மிகப் புதுசும் சிறப்பு என்று சொல்லமுடியாது. ஒழுங்காகக் காய்ந்து ஒழுங்காக வைத்த கொட்டை, ஆய்ந்ததில் இருந்து மூன்றாம் மாதம் தொடங்கி எட்டு ஒன்பது மாதம் வரை நன்றாக இருக்கும். பன்னிரண்டு மாதம் வரை சமாளிக்கலாம். அடுத்த விளைச்சல் சந்தைக்கு வந்துவிட்டால் முந்தியது வியாபாரிகள் பேச்சில் "பழசு" ஆகிவிடும்.

இந்த மாதக் கணக்கு குளிர்ந்த இடத்துக்கு உரியது. நம்முடைய ஊருக்கு நான் வேறொரு கணக்கும் சேர்த்துக்கொள்கிறேன்: இந்தக் கொட்டை யாழ்ப்பாணத்தில் எத்தனை மாரியைக் கண்டது? ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

சாக்குக்குள் என்ன நடக்கிறது

பச்சைக் கோப்பிக்கொட்டை ஒரு வித்து. நட்டால் முளைக்கும். நாற்றுமேடை போடுகிறவர்கள் போன வருடத்துக் கொட்டையை வாங்கமாட்டார்கள், சில மாதங்களிலேயே முளைதிறன் விழுந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். கொட்டைக்கு உயிர் இருக்கும்வரை உள்ளே இருக்கும் எண்ணெய், சர்க்கரை, அமிலங்கள் எல்லாம் அதனதன் அறைக்குள் ஒழுங்காக இருக்கின்றன. உயிர் போனதும் அந்தச் சுவர்கள் மெல்ல மெல்ல இளகுகின்றன. அராபிக்காக் கொட்டையில் நிறையில் ஏறத்தாழ 15 சதவீதம் கொழுப்பு. அந்தக் கொழுப்பு காற்றைத் தொட்டுச் சிக்கெடுக்கத் தொடங்குகிறது. வறுக்கும்போது மணமாக மாறவேண்டிய சர்க்கரையும் புரதத் துணுக்குகளும் வறுக்காமலே, சாக்குக்குள்ளேயே, ஒன்றோடொன்று சேர்ந்து செலவாகின்றன.

கோப்பையில் இது இரண்டு விதமாகத் தெரியும். முதலில் நல்லவை போகும்: தோடம்பழப் புளிப்பு, பூ மணம், வாயில் நிற்கும் இனிப்பு. கோப்பி "தட்டையாக" இருக்கிறது என்கிறோமே, அந்த நிலை. பிறகு கெட்டவை வரும்: நனைந்த காட்போட் பெட்டி, சணல் சாக்கு, காய்ந்த வைக்கோல், பலகைத்தூள். புளிப்புக் குறைந்தது மட்டும் என்றால் சிலருக்கு அது பிடிக்கவும் செய்யும். காட்போட் சுவை வந்துவிட்டால் மறைக்கமுடியாது.

இதை விரைவாக்குவது சூடு, ஈரம், காற்று, இவை மூன்றும்தான். யாழ்ப்பாணத்தில் மூன்றுக்கும் குறைவில்லை. சோளகம் வீசும் மாதங்களில் அறைக்குள்ளே முப்பது பாகைக்குமேல் சூடு நிற்கும். வாடைக்காற்றோடு மாரி வந்ததும் காற்று ஈரமாகிவிடும். கொட்டை சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்கேற்பத் தண்ணீரை வாங்கும், விடும். காற்றின் ஈரப்பதன் 60 சதவீத அளவில் நின்றால் கொட்டைக்குள் 11, 12 சதவீத ஈரம் இருக்கும், அது நல்லது. மாரியில் காற்று 80 சதவீதத்தைத் தாண்டும்போது சணல் சாக்கில் இருக்கும் கொட்டை 14, 15 சதவீதம் வரைக்கும் போகும். அங்கேதான் பூஞ்சை பிடிக்கிற ஆபத்து. மழை விட்டு வெயில் வந்ததும் அதே கொட்டை மறுபடியும் ஈரத்தை விடும். இப்படி ஒருமுறை குடித்துக் கக்கிய கொட்டை, கண்டியில் குளிர்ந்த அறையில் அதே காலம் இருந்த கொட்டையைவிடக் கிழடாகிவிடும். அதனால்தான் மாரியை எண்ணச் சொன்னேன். ஒரு மாரி சாக்கில் கிடந்தது என்றால், ஆய்ந்து பத்து மாதம்தான் ஆனாலும், அதைப் பழசாகவே நான் எடுத்துக்கொள்வேன்.

படி 1: கடையில் கேட்கும் கேள்வி

"எப்ப வந்தது?" என்று கேட்காதீர்கள். அதற்கு எப்போதும் ஒரே பதில்தான் வரும். சுன்னாகம் பக்கத்துக் கடை ஒன்றில் ஆவணி மாதம் இரண்டு சாக்குகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றின் விலை மற்றதைவிடக் கொஞ்சம் குறைவு.

"அண்ணை, இது எப்ப ஆய்ஞ்ச கொட்டை?"

"போன கிழமைதான் பிள்ளை வந்தது."

"வந்ததைக் கேக்கேல்லை. மரத்தில இருந்து ஆய்ஞ்சது எப்ப?"

கொஞ்சம் யோசித்து, விலை கூடினது இந்தத் தையில் ஆய்ந்தது என்றார். மற்றது அதற்கு முந்தின தை. "அது இங்கதான் கிடந்தது, உள்ளுக்க. ஒண்டும் ஆகேல்லை" என்று சேர்த்துச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை, புழு இல்லை, பூஞ்சை இல்லை. ஆனால் அந்தக் கணக்கில் ஒன்றுக்கு ஏழு மாதம், மற்றதுக்குப் பத்தொன்பது மாதம். முதலாவது எங்கள் ஊர் மாரியைக் காணவில்லை, இரண்டாவது முழுதாக ஒன்றைக் கண்டுவிட்டது. இரண்டிலும் அரைக்கிலோ வாங்கி வந்தேன். இனி வரும் படிகளில் இந்த இரண்டையும் "தைக் கொட்டை", "போன தைக் கொட்டை" என்று சொல்கிறேன்.

கேட்கவேண்டிய மற்றொன்று: எப்படிப் பதப்படுத்தியது, எந்த நிலையில் வைத்திருந்தது? கண்டிப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் பழத்தை அப்படியே வெயிலில் காயப்போட்டு, பிறகு குற்றி எடுப்பது பழைய வழக்கம். காய்ந்த பழத் தோலோடோ, உள் ஓட்டோடோ வைத்திருந்து, விற்கும் முன்புதான் உடைத்தது என்றால் அந்தக் கொட்டைக்கு வயது கொஞ்சம் மெதுவாகவே ஏறியிருக்கும். உடைத்து, வெறுங்கொட்டையாகச் சாக்கில் கட்டிய நாளில் இருந்துதான் வேகமான கிழட்டுக் காலம் தொடங்குகிறது.

படி 2: வெள்ளைத் தட்டில் பார்ப்பது, கையில் மணப்பது

கடையின் குழல் விளக்கில் நிறம் பார்க்கமுடியாது. ஒரு பிடியை வெளியே கொண்டுவந்து, வெயில் நேரே படாத வெளிச்சத்தில், வெள்ளைத் தட்டில் பரப்புங்கள்.

கழுவிப் பதப்படுத்திய புதுக் கொட்டையில் லேசான நீலம் கலந்த பச்சை இருக்கும், மேற்பரப்பு கொஞ்சம் மினுங்கும். வயது போகப் போகப் பச்சை வெளிறி, சாம்பல், பிறகு மஞ்சள், கடைசியில் வைக்கோல் நிறம். தோலோடு காய்ந்த கொட்டை தொடக்கத்திலேயே மஞ்சள் சாடையாகத்தான் இருக்கும், அதனால் நிறத்தை மட்டும் வைத்து அதைப் பழசு என்று தள்ளிவிடாதீர்கள். இங்கே நம்பவேண்டியது ஓரங்களை. ஒரு கொட்டையைக் கிட்டப் பிடித்துப் பாருங்கள். நடுவில் பச்சையும் விளிம்பில் வெள்ளையும், அல்லது ஒரு பக்கம் திட்டுத்திட்டாக வெளிறலும் இருந்தால் அது ஈரம் குடித்துக் கக்கிய கொட்டை. போன தைக் கொட்டையில் பாதிக்கு மேல் இப்படி விளிம்பு வெளுத்திருந்தது. தைக் கொட்டையில் அங்கொன்று இங்கொன்றுதான்.

பிறகு மணம். ஒரு பிடியை இரண்டு உள்ளங்கைக்குள் மூடி, வாயால் ஒருமுறை சூடான மூச்சு விட்டு, உடனே மணந்து பாருங்கள். புதுசில் பச்சைப் பட்டாணி, காய்ந்த புல், சிலவேளை பழப் புளிப்பு. பழசில் சாக்கு மணம், அல்லது மணமே இல்லை. மண்ணறை மணமோ நனைந்த துணியின் மணமோ வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு வந்துவிடுங்கள், அது வயதுப் பிரச்சினை இல்லை, பூஞ்சை. கருவாடு, வெங்காயம், புகையிலை மணம் வந்தாலும் அப்படித்தான். பச்சைக் கொட்டை பக்கத்தில் இருப்பதையெல்லாம் இழுத்து வைத்துக்கொள்ளும், வறுத்தாலும் அது முழுதாகப் போகாது. நம்முடைய பலசரக்குக் கடைகளில் கோப்பிச் சாக்கு எதன் பக்கத்தில் நிற்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

படி 3: ஈரம் அளப்பது, அதை எவ்வளவு நம்புவது

சர்வதேச கோப்பி அமைப்பு ஏற்றுமதிக் கொட்டைக்குச் சொல்லும் ஈர எல்லை 8 முதல் 12.5 சதவீதம். ஈரமானி விலை கூட. நகைக்கடைத் தராசு ஒன்றும் கேக் அவிக்கும் ஓவனும் இருந்தால் வீட்டில் ஓரளவுக்கு அளக்கலாம்.

ஒவ்வொரு கொட்டையிலும் 50 கிராம் எடுத்து, தட்டையான தகரத் தட்டுகளில் ஒற்றைப் படையாகப் பரப்பி, இரண்டையும் ஒரே ஓவனில் 105 பாகை செல்சியசில் 16 மணித்தியாலம் வையுங்கள். எடுத்ததும் மூடிய பேணியில் ஆறவிட்டு நிறுக்கவேண்டும், திறந்து வைத்தால் காற்றில் இருந்து மறுபடி ஈரம் வாங்கிவிடும். 50 கிராமில் இருந்து குறைந்துபோன நிறையை 50ஆல் பிரித்து 100ஆல் பெருக்கினால் ஈரச் சதவீதம். வீட்டு ஓவன் துல்லியம் இல்லாததால், இலக்கத்தைவிட இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தையே பார்க்கவேண்டும்.

தைக் கொட்டை 44.2 கிராமுக்கு வந்தது, அதாவது 11.6 சதவீதம். போன தைக் கொட்டை 44.0, அதாவது 12 சதவீதம். இரண்டும் எல்லைக்குள்ளேதான். இதை மட்டும் பார்த்திருந்தால் இரண்டும் ஒன்று என்று சொல்லியிருப்போம்.

இணையத்தில் படிக்கிற வழிகாட்டிகள் பழைய கொட்டை காய்ந்து, ஈரம் 9க்குக் கீழே போய் இருக்கும் என்று சொல்கின்றன. அது குளிரூட்டிய, வறண்ட காற்று உள்ள ஊர்களுக்குச் சரி. கடலோரத்தில் பழைய கொட்டை ஈரத்தை இழந்துகொண்டே போவதில்லை, இழந்து இழந்து திரும்ப வாங்குகிறது. ஆகவே நமக்கு ஈர அளவு பூஞ்சை ஆபத்தைச் சொல்லும், வயதைச் சொல்லாது. 13க்கு மேல் வந்தால் வாங்கவேண்டாம். அதற்குக் கீழே என்றால், அடுத்த படிக்குப் போங்கள். ஓவன் இல்லாதவர்கள் இந்தப் படியை விட்டுவிட்டாலும் பெரிய குறை இல்லை.

படி 4: சோதனை வறுப்பு

இரண்டையும் 100 கிராம் 100 கிராமாக, ஒரே தாச்சியில், ஒரே அடுப்புச் சூட்டில் வறுக்கவேண்டும். முதல் வறுப்புக்குப் பிறகு தாச்சியை ஆறவிட்டு, மறுபடி அதே அளவுக்குச் சூடாக்கித்தான் இரண்டாவதைப் போடவேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது கொட்டை சூடான தாச்சியில் விழுந்து வேறு கோப்பியாகிவிடும்.

இங்கே பலர் வழக்கமான பழக்கத்தில் கறுக்க வறுத்துவிடுவார்கள். சோதனைக்கு அது கூடாது. கறுக்க வறுத்தால் கசப்பும் கரி மணமும் மேலே வந்து புதுசு, பழசு இரண்டையும் ஒன்றாக்கிவிடும். முதல் வெடிப்பு தொடங்கி, படபடவென்று பொரிந்து, சத்தம் அடங்கத் தொடங்கும்போது இறக்குங்கள். நிறம் கறுவாப்பட்டையைவிடக் கொஞ்சம் கூட இருக்கும், மேலே எண்ணெய் தெரியக்கூடாது. இறக்கியதும் சுளகில் போட்டுப் புடைத்து ஆற்றுங்கள், வெள்ளித்தோலும் பறந்துவிடும்.

தைக் கொட்டை பச்சையில் இருந்து மஞ்சளுக்கு ஒரே சீராக மாறியது. மஞ்சள் ஆகும்போது பாண் சுடும் வாசம் நன்றாக எழும்பியது, வெடிப்பும் தெளிவாகக் கேட்டது. போன தைக் கொட்டையில் விளிம்பு முதலில் சிவந்து நடு பின்தங்கியது. பாண் வாசத்துக்குப் பதிலாக வைக்கோல் சூடேறும் மணம். வெடிப்பு அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சோம்பலாக வந்தது. இறக்கிப் பரப்பியபோது நிறம் ஒரே மாதிரி இல்லை.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். எல்லாக் கொட்டையும் சிவந்தபிறகும் சில கொட்டைகள் மட்டும் நிலக்கடலை நிறத்தில் வெளிறி நிற்கும். அவை பிஞ்சிலே ஆய்ந்த கொட்டைகள், வயதுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பொறுக்கி எறிந்துவிட்டுச் சுவை பாருங்கள்.

வறுத்ததை ஒரு நாளாவது மூடிய போத்தலில் வைத்துவிட்டுத்தான் குடித்துப் பார்க்கவேண்டும்.

படி 5: குடித்துப் பார்ப்பது

இதுதான் முடிவு சொல்லும் படி. ஆனால் யாழ்ப்பாணத்தில் இதைக் கெடுக்கிற ஒன்று இருக்கிறது: எங்கள் கிணற்றுத் தண்ணீர்.

குடாநாட்டு நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருந்து வருகிறது. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைச் சுண்ணாம்பை எல்லாரும் கண்டிருப்போம். அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகாபனேற்று கோப்பியின் அமிலத்தைப் பிடித்து முறித்துவிடும். புதுக் கொட்டையின் முதல் அடையாளமே அந்தப் புளிப்புத்தான். அதைத் தண்ணீர் தின்றுவிட்டால் புதுசும் தட்டையாகத் தெரியும், "இரண்டும் ஒன்றுதானே" என்று தோன்றும். கொதிக்கவைத்தால் கொஞ்சம் சுண்ணாம்பு கீழே படியும், முழுதும் போகாது. சோதனைக்காவது உப்பை நீக்கி வடிகட்டும் இயந்திரத்தில் எடுத்த தண்ணீரையோ உப்புக் குறைந்த போத்தல் தண்ணீரையோ பயன்படுத்துங்கள். இதே இரண்டு கொட்டையையும் கிணற்றுத் தண்ணீரில் போட்டபோது வித்தியாசம் பாதியாகக் குறைந்துவிட்டது. புளிப்பு இரண்டிலும் காணாமல்போனது, காட்போட் மட்டும் ஒன்றில் மிஞ்சியது.

அளவு: 200 மில்லிலீற்றர் தண்ணீருக்கு 11 கிராம் தூள், ரவையைவிடக் கொஞ்சம் பெரிய அரைப்பு. பால், சீனி, மல்லி, சுக்கு ஒன்றும் வேண்டாம். தண்ணீர் கொதித்து இறக்கி ஒரு நிமிடம் விட்டு, தூளின் மேல் நேராக ஊற்றுங்கள். நாலு நிமிடம் தொடவேண்டாம். மேலே மிதக்கும் தூள் படையைக் கரண்டியால் ஒதுக்கும்போது மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பாருங்கள். மிதப்பதை வழித்து எறிந்துவிட்டு, சூடு தாங்கக்கூடிய அளவுக்கு ஆறியதும் கரண்டியால் உறிஞ்சிக் குடியுங்கள், சத்தம் வந்தாலும் பரவாயில்லை.

முதல் தடவையோடு முடிவு எடுக்காதீர்கள். சூட்டில் எல்லாக் கோப்பியும் நல்ல கோப்பிதான். வெதுவெதுப்பாகும்போது ஒருமுறை, முழுதாக ஆறியபின் ஒருமுறை பாருங்கள். தைக் கொட்டை ஆற ஆறப் புளிப்பு மேலே வந்து, தோடம்பழத் தோலும் கித்துள் கருப்பட்டியும் போல ஒரு இனிப்பு நின்றது. போன தைக் கொட்டை சூடாக இருக்கும்போது "மெதுவான கோப்பி" என்று சொல்லத்தக்கதாகவே இருந்தது, வீட்டில் ஒருவர் அதைத்தான் நல்லது என்றார். ஆறியதும் வாயின் பின்பக்கம் நனைந்த கடதாசி. ஒருமுறை பிடிபட்டுவிட்டால் பிறகு அது மட்டும்தான் தெரியும்.

அந்தச் சுவையை முன்பின் அறியாதவர்களுக்கு ஒரு பயிற்சி: பழுப்புக் காட்போட் துண்டொன்றைக் கோப்பைக்குள் போட்டுச் சுடுதண்ணீர் ஊற்றி, இரண்டு நிமிடம் விட்டு மணந்து பாருங்கள். அந்த மணத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கோப்பிக்கு வாருங்கள்.

விலையும் வருடமும் தெரிந்தபிறகு நாக்கு நடுநிலையாக இருக்காது. ஆகவே வீட்டில் ஒருவரிடம் சொல்லி மூன்று கோப்பையில் ஊற்றச் சொல்லுங்கள்: இரண்டு கோப்பையில் ஒரே கோப்பி, மூன்றாவதில் மற்றது, அடையாளம் கோப்பையின் அடியில். வேறுபட்ட கோப்பையைத் திரும்பத் திரும்பச் சரியாக எடுக்கமுடிந்தால் வித்தியாசம் உண்மையானது. எடுக்கமுடியாவிட்டால், உங்களுக்கு மலிந்த சாக்கே போதும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

படி 6: வாங்கிய புதுசைப் பழசாக விடாமல் வைப்பது

மாசி, பங்குனிக்குப் பிறகு புது விளைச்சல் வரத்தொடங்கும்போது வாங்கி, ஐப்பசியில் மழை பிடிக்கும் முன் குடித்து முடிக்கக்கூடிய அளவுக்கு வாங்குவதுதான் நம்முடைய ஊருக்குப் பொருத்தம். மாரிக்கும் வேண்டும் என்றால் அந்தப் பங்கை வாங்கிய கிழமையே பிரித்து அடைத்துவிடுங்கள்.

சணல் சாக்கும் பனையோலை உமலும் காற்றும் ஈரமும் தாராளமாகப் போய்வரும் பொருட்கள், அவற்றில் விடவேண்டாம். சாதாரண பொலித்தீன் பை மெல்லியது, அதுவும் போதாது. காற்று எடுத்து ஒட்டும் தடித்த பைகளில், ஒருமுறை வறுப்புக்கு வேண்டிய 200, 250 கிராம் வீதம் பிரித்து அடையுங்கள். பெரிய பை ஒன்றாக அடைத்தால் ஒவ்வொருமுறை திறக்கும்போதும் மாரிக்காற்று உள்ளே போகும். அடைக்கும் நாள் மழை இல்லாத, காய்ந்த நாளாக இருக்கட்டும், ஈரமான கொட்டையைக் காற்றில்லாமல் அடைத்தால் உள்ளேயே புழுங்கிவிடும்.

வைக்கும் இடம்: தகர, அஸ்பெஸ்டஸ் கூரைக்குக் கீழே உள்ள பரண் வேண்டவே வேண்டாம். வீட்டின் நடு அறையில், நிலத்தோடு ஒட்டாமல், பலகையின் மேல். அதைவிட நல்லது உறைபெட்டி. அமெரிக்காவில் ஜோர்ஜ் ஹொவல் போன்ற கோப்பிக்காரர்கள் பச்சைக் கொட்டையை உறைகுளிரில் வைத்தே வருடக்கணக்கில் காப்பாற்றுகிறார்கள். வீட்டிலும் செய்யலாம், ஒரு நிபந்தனை: பையை வெளியே எடுத்து, முழுதாக அறைச் சூட்டுக்கு வந்தபிறகுதான் திறக்கவேண்டும், இரவு முழுதும் விட்டால் நல்லது. குளிராக இருக்கும்போது திறந்தால் காற்றில் உள்ள ஈரம் கொட்டையின் மேல் தண்ணீராகப் பிடிக்கும். நீண்ட மின்வெட்டு வரும் வீடுகளில் உறைந்து உருகி உறைவதைவிட, நடு அறையே மேல்.

பையின் மேல் ஆய்ந்த மாதத்தை எழுதுங்கள். வாங்கிய திகதியை எழுதிவைப்பதில் பயன் இல்லை.

பழசு கையில் இருந்தால்

பூஞ்சை மணம் இல்லாத பழைய கொட்டையை எறியத் தேவையில்லை. மல்லியும் சுக்கும் மிளகும் போட்டு இடித்த கோப்பித்தூளுக்கு அது தாராளமாகப் போதும். அந்தக் கோப்பியில் மல்லியின் மணம்தான் முன்னால் நிற்கும், கொட்டையிடம் எதிர்பார்ப்பது கசப்பும் கனமும் மட்டும். இரண்டாவது வெடிப்பு தொடங்கும்வரை வறுத்தால் காட்போட் சுவை பெரும்பாலும் புகைக்குள் மறைந்துவிடும். அந்த ஆவணிப் போன தைக் கொட்டையின் மிச்சம் அப்படித்தான் மல்லிக்கோப்பியாகத் தீர்ந்தது. புதுக் கொட்டையை அப்படிக் கறுக்க வறுத்து மல்லி போட்டு இடிப்பதுதான் எனக்கு வீணாகத் தெரிகிறது, கூடக் கொடுத்த காசு அடுப்பிலேயே போய்விடும்.

"மலபார் கொட்டையைப் பழசாக்கித்தானே விற்கிறார்கள்" என்று கேட்பவர்கள் உண்டு. மங்களூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், தோலோடு காய்ந்த கொட்டையைத் திறந்த கொட்டில்களில் பரப்பி, கிளறிக் கிளறி, சாக்கை அடிக்கடி மாற்றி, ஈரக்காற்றைக் குடிக்கவிடுகிறார்கள். கொட்டை ஊதி வெளிறும், புளிப்புப் போய் மண்ணும் மசாலாவும் கலந்த கனமான சுவை வரும். பாய்க்கப்பல் காலத்தில் ஐரோப்பாவுக்குப் போக மாதக்கணக்கு எடுத்தபோது வழியிலேயே வந்த சுவையை, கப்பல் வேகமானபிறகு கரையிலேயே செய்து கொடுக்கத் தொடங்கியது அது. கிளறுவதற்கும் பூஞ்சை பிடித்ததைப் பொறுக்குவதற்கும் ஆட்கள் நின்று செய்யும் வேலை. சுன்னாகத்தில் மூலையில் கிடந்த சாக்கை அதோடு சேர்க்கமுடியாது. கடைக்காரர் அந்தப் பெயரைச் சொன்னால், எந்த மாதம் பரப்பினார்கள், எப்போது திரும்பச் சாக்கில் கட்டினார்கள் என்று கேளுங்கள்.

ரோபஸ்டா வாங்குகிறவர்களுக்கு இந்தக் கவலை கொஞ்சம் குறைவு. அதில் கொழுப்பும் சர்க்கரையும் குறைவு, தொலைக்கப் பெரிய புளிப்பும் இல்லை, பாலும் சீனியும் போட்டுக் குடிக்கும் கோப்பியில் ஒரு வருட வித்தியாசம் பலருக்குத் தெரியாது. சாக்கு மணமும் ஈரமும் மட்டும் பார்த்து வாங்கினால் போதும். அராபிக்காவுக்குக் கூடக் காசு கொடுப்பதென்றால், ஆய்ந்த மாதம் சொல்லமுடியாத கடையில் நான் கால்கிலோவுக்கு மேல் வாங்குவதில்லை.